என்பிவி பிளஸ் 1.16 கோடி. இப்போதே யூனிட் போடுவதா, ஒரு வருடம் பொறுப்பதா?

பின்னலாடை_77

திருப்பூரில் எங்களுக்கு ஒரு கார்மென்ட்ஸ் யூனிட் இருக்கிறது. பல்லடம் ரோட்டில் சொந்த இடத்திலேயே இரண்டாவது யூனிட் போடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய குடோனை மாற்றிக் கட்டுவது, தையல் லைன்கள், கட்டிங் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 12 கோடி. குடோன் இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் ஓட ஆரம்பித்துவிடும்.

சிக்கல் அமெரிக்க வரி. இந்த வருடம், 2025 ஆகஸ்ட் 27-இல் கூடுதல் வரி 50 சதவீதமானதிலிருந்து எங்கள் அமெரிக்க பையர் புது ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். அடுத்த ஒரு வருடத்துக்குள் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு ஆடிட்டர் என்பிவி கணக்கு, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து போடும் பணத்தைக் கழிக்கும் கணக்கு, போட்டுக் கொடுத்தார். வரி இறங்கினால், ஒரு வருடம் கழித்து இந்த யூனிட்டின் மதிப்பு 20 கோடி. இறங்காவிட்டால் ஐரோப்பா, உள்ளூர் ஆர்டர்களை வைத்து ஓட்டினால் 8 கோடி. இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. எது நடந்தாலும் முதல் வருடம் கையில் 1 கோடி நிற்கும். இந்தத் தொழிலின் ரிஸ்க்குக்கு ஏற்ற வட்டி விகிதம் 14 சதவீதம்.

```
(0.5 × 20 + 0.5 × 8 + 1) / 1.14 = 13.16
13.16 − 12 = +1.16 கோடி
```

"பிளஸ்தானே வருது, ஆரம்பிச்சிடலாம்" என்கிறார் அப்பா. "வரி என்ன ஆகுதுன்னு தெரியட்டும்" என்கிறார் சித்தப்பா. சித்தப்பா சொல்கிற பொறுமைக்கு ரூபாயில் மதிப்புப் போட முடியுமா? அல்லது அது வெறும் பயம்தானா? ரியல் ஆப்ஷன் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு மேல் தெரியாது.

கணக்குப்பிள்ளை

இதற்கு ஆப்ஷன் அது இது என்று போக வேண்டியதே இல்லை. உங்கள் ஆடிட்டர் கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி. இன்றைக்குக் கட்டுவது ஒரு திட்டம், அடுத்த வருடம் கட்டுவது இன்னொரு திட்டம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, ஒன்றைச் செய்தால் மற்றது போச்சு. அப்படி இருக்கும்போது என்பிவி பிளஸ் என்பது மட்டும் போதாது, இரண்டில் எது பெரியது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் பொறுத்தால், வரி இறங்கினால் 12 போட்டு 20 எடுப்பீர்கள், 8 கோடி லாபம். இறங்காவிட்டால் கட்டவே மாட்டீர்கள், பூஜ்யம். 0.5 × 8 / 1.14 = 3.51 கோடி. 1.16-ஐ விட 3.51 பெரியது. சித்தப்பா சொல்வது சரி. நான் 20 வருடமாகப் போடுகிற அதே என்பிவிதான் இது.

காலிமனை

எனக்கும் இதே கதை. கோவையில் ராமநாதபுரம் பக்கம் ஐந்தரை சென்ட் மனை சும்மா கிடக்கிறது. கட்டு கட்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கட்டவில்லை. நிலம் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பொறுத்தவர் கெட்டதில்லை. நண்பரும் இடத்தை அப்படியே போட்டு வைக்கட்டும்.

அடிவாரம்

கணக்குப்பிள்ளை சார் போட்ட அமைப்பு சரி. முடிவும் சரி. ஆனால் 3.51 என்ற எண் சரியில்லை, அதில் வந்திருக்கும் பிசகு சில சமயம் முடிவையே புரட்டிப் போடும். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் "பொறுமையின் மதிப்பு" என்று ஒன்றாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன.

ஒன்று, வெறுமனே தள்ளிப்போடுவது. என்ன ஆனாலும் அடுத்த வருடம் கட்டியே தீருவேன் என்று இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட 1 கோடி போகும், இன்றைய மதிப்பில் அது சுமார் 93 லட்சம். அதற்குப் பதிலாக 12 கோடியை ஒரு வருடம் கழித்துக் கொடுத்தால் போதும். நிச்சயமாகக் கொடுக்க வேண்டிய தொகை என்பதால் அதற்கு 7 சதவீத டெபாசிட் வட்டிதான் பேச்சு, மிச்சம் சுமார் 78 லட்சம். ஆக வெறுமனே தள்ளிப்போட்டால் 15 லட்சம் நட்டம். 1.16 கோடி 1.01 ஆகிவிடுகிறது. அப்பா பக்கம் இதுதான் நியாயம்.

இரண்டாவது, கட்டாமலே விட்டுவிடும் உரிமை. நீங்கள் கேள்விப்பட்ட ரியல் ஆப்ஷன் இந்த மாதிரி உரிமைதான். வரி இறங்காவிட்டால் 12 போட்டு 8 எடுக்கும் 4 கோடி நட்டத்தை நீங்கள் சந்திக்கவே வேண்டாம். இந்த உரிமையின் இன்றைய மதிப்பு 2.16 கோடி வருகிறது. 1.01 + 2.16, மொத்தம் சுமார் 3.16 கோடி. இப்போதே கட்டினால் 1.16. வித்தியாசம் 2 கோடி. சித்தப்பாவின் பொறுமைக்கு நீங்கள் கேட்ட ரூபாய் மதிப்பு அதுதான்.

பயம் என்றால் 20-ஐயும் 8-ஐயும் பார்த்து இரண்டுக்கும் சேர்த்து நடுங்குவது. இங்கே நடப்பது அதுவல்ல. 20 கோடியில் ஒரு பைசா குறையவில்லை, 8 கோடிப் பக்கம் மட்டும் வெட்டப்படுகிறது.

காலிமனை அண்ணா, உங்கள் மனைக்கும் இந்தக் கணக்கு உண்டு, ஆனால் காரணம் வேறு. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதில் ஆப்ஷன் எதுவும் இல்லை. எந்த வருடம் கட்டினால் அதிகம் கிடைக்கும் என்று தேதிகளை ஒப்பிட்டால் முடிந்தது. உங்கள் மனையில் உரிமையின் மதிப்பு வருவது எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று இன்றைக்குத் தெரியாததால். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ, தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகளில் அது 1.5-லிருந்து 2 ஆனது. அதற்கு முந்தைய வருடம் 1.5-க்குக் கட்டி முடித்தவர் மீதி அரையைச் சுலபமாக எடுக்க முடியாது. ஷெரிடன் டிட்மன் 1985-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். நகரத்துக்குள் நல்ல மனைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று கேட்டவர் அவர். உயரக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் சில இடங்களில் கட்டுமானம் அதிகமாகலாம் என்றும் காட்டினார், ஏனென்றால் எவ்வளவு கட்டலாம் என்ற சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

காலிமனை

அப்போ நான் பொறுத்தது சரிதான் என்கிறீர்கள்!

அடிவாரம்

அப்படிச் சொல்லவில்லை. வாடகை இத்தனை வருடம் போனதே, அதைக் கழிக்க வேண்டும். லாரா குவிக் 1993-இல் சியாட்டில் நில விற்பனைகளை வைத்துப் பார்த்தபோது, காத்திருக்கும் உரிமைக்காக விலையில் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது சராசரியாக 6 சதவீதம்தான். உங்கள் வாடகை அதைச் சாப்பிட்டுவிடாமல் இருந்தால் சரி.

கணக்குப்பிள்ளை

என் 3.51-இல் என்ன குறை? பாதி வாய்ப்பு, 8 கோடி, 14 சதவீதம். ஆடிட்டர் போட்ட அதே 14-தானே. தொழில் அதேதான், ரிஸ்க்கும் அதேதான்.

அடிவாரம்

தொழில் அதே, ரிஸ்க் அதே இல்லை சார். யூனிட்டைக் கட்டியவருக்கு வருட முடிவில் கையில் இருப்பது முதல் வருடப் பணத்தையும் சேர்த்து 21 அல்லது 9. காத்திருப்பவர் கையில் இருப்பது 8 அல்லது பூஜ்யம். பூஜ்யம் வரை போகக்கூடிய ஒன்றுக்கும் 9-இல் நிற்கும் ஒன்றுக்கும் ஒரே 14 சதவீதம் எப்படிப் பொருந்தும்?

எந்த விகிதம் என்று ஊகிக்கத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. 8 அல்லது பூஜ்யம் என்ற அதே பலனை வேறு விதத்தில் உண்டாக்கிப் பாருங்கள். யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை இன்றைக்கு வாங்குகிறீர்கள், 13.16-இல் மூன்றில் இரண்டு 8.77 கோடி. அதற்கு 7 சதவீதத்தில் 5.61 கோடி கடன் வாங்குகிறீர்கள், வருட முடிவில் 6 கோடி கட்ட வேண்டும்.

```
வரி இறங்கினால்:     21 × 2/3 − 6 = 8
இறங்காவிட்டால்:     9 × 2/3 − 6 = 0
இன்றைக்குக் கைப்பணம்:  8.77 − 5.61 = 3.16
```

பலன் அச்சு அசல் அதே. ஆகவே விலையும் 3.16-தான் இருக்க முடியும், 3.51 இல்லை. பாதி வாய்ப்பு என்பது இந்த மூன்று வரிகளில் எங்கேயும் நேரடியாக வரவில்லை என்பதையும் கவனியுங்கள், அது ஏற்கெனவே 13.16-க்குள் இருக்கிறது. உங்கள் முறையிலேயே போக வேண்டுமானால் 0.5 × 8 = 4 கோடியை 3.16-ஆக்கும் விகிதத்தைப் போட வேண்டும். அது 26 சதவீதத்துக்கும் மேல். யாராவது மீட்டிங்கில் "26 சதவீதம் போடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். அதனால்தான் நடக்கக்கூடியவற்றைக் கிளை கிளையாக மரம் வரைந்து பழைய விகிதத்தையே போடுகிறவர்களுக்கு எப்போதும் காத்திருப்பது கொஞ்சம் அதிகமாகவே இனிக்கும்.

கணக்குப்பிள்ளை

யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை யார் விற்கிறார்கள்? சந்தையில் கிடைக்காத பொருளை வாங்கியதாக வைத்துக்கொண்டு விலை போடுகிறீர்கள்.

அடிவாரம்

நியாயமான கேள்வி. எண்ணெய்க் கிணறு என்றால் கச்சா எண்ணெய்க்குச் சந்தை விலை இருக்கிறது, சிக்கல் குறைவு. பனியன் யூனிட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: யூனிட்டின் மதிப்பு 13.16 என்று ஆடிட்டர் சொன்னதை நீங்கள் நம்பினால், அதோடு ஒத்துப்போகும் காத்திருப்பின் மதிப்பு 3.16. 13.16-ஐயே நம்பவில்லை என்றால் அப்பாவின் 1.16-உம் சேர்ந்துதான் போகும்.

எக்செல்_ராசா

இவ்வளவு சுற்ற வேண்டாம். ஆப்ஷனுக்கு விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலா ஷீட் என்னிடம் ரெடியாக இருக்கிறது. மதிப்பு 13.16, போட வேண்டிய பணம் 12, ஒரு வருடம், 7 சதவீத வட்டி, மதிப்பு எவ்வளவு ஏறி இறங்கும் என்று காட்டும் வாலட்டிலிட்டி 45 சதவீதம். விடை 3.29 கோடி. உங்கள் 3.16-க்கு ரொம்பப் பக்கம். ஒரே ஃபார்முலா, ஒரே நிமிடம்.

அடிவாரம்

பக்கத்தில் வந்தது தற்செயல் ராசா. 45 எங்கிருந்து எடுத்தீர்கள்?

எக்செல்_ராசா

லிஸ்ட் ஆன இரண்டு மூன்று கார்மென்ட்ஸ் கம்பெனிகளின் ஷேர் விலையை ஒரு வருடத்துக்கு எடுத்தேன், தினசரி ஏற்ற இறக்கத்தை வருடத்துக்கு மாற்றினேன். எல்லாரும் செய்கிற வழிதான்.

அடிவாரம்

எல்லாரும் செய்கிறார்கள், உண்மைதான். அந்த ஷேருக்குப் பின்னால் கடன் இருக்கிறது. தொழிலின் மதிப்பு 10 சதவீதம் ஆடினால், பாதி கடனில் ஓடும் கம்பெனியின் ஷேர் ஏறத்தாழ 20 சதவீதம் ஆடும். கடனைப் பிரித்து எடுத்தால் 45 என்பது 30-க்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடும். இன்னொன்று, 13.16-இல் முதல் வருட 1 கோடியும் இருக்கிறது. காத்திருப்பவருக்கு அது கிடைக்காது. கழித்துவிட்டு 12.22 என்று போடுங்கள். அதே 45-க்கு விடை 2.64. 30 போட்டால் 1.97. அதே யூனிட்தான், மூன்று விடை. வேண்டிய விடை வரும் வரை வாலட்டிலிட்டியைத் திருகிக்கொண்டே இருந்த ரிப்போர்ட்டுகளை வங்கியில் இருந்தபோது நிறையவே பார்த்திருக்கிறேன். பக்கத்து வரியில் காரணம் எழுதாமல் முழு எண்ணாக 40, 45 என்று இருந்தாலே சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. அந்த ஃபார்முலா மதிப்பு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே நடக்கப்போவது ஒரு அறிவிப்பு. ஒரு நாள் காலையில் 20 அல்லது 8. அதற்கு இரண்டு கிளை போதும், அதுதான் உண்மைக்குப் பக்கம். செம்பு விலை, கச்சா எண்ணெய் விலை என்றால் உங்கள் ஷீட்டை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

எக்செல்_ராசா

வரி ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? 50-லிருந்து 35, அப்புறம் 25 என்று இழுத்தால்? அப்போது உங்கள் இரண்டு கிளைதான் பொய்.

அடிவாரம்

அது சரியான ஆட்சேபணை. அப்போது மூன்று நான்கு கிளை வரையலாம், ஒரு வருடத்தில் தெளிவு வராது என்ற கிளையும் சேர்த்து. அந்தக் கிளை பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்பின் மதிப்பு சுருங்கும், ஏனென்றால் காத்திருந்தும் ஒன்றும் புதிதாகத் தெரிய வராது. நேரம் போவதால் மட்டும் மதிப்பு உண்டாவதில்லை.

பின்னலாடை_77

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரே போடாகப் போட்டார்: "20 கோடிங்கிறதே குறைச்சல். வரி இறங்குனா ஆர்டர் கொட்டும், 24 கோடி வரும். அதைப் போட்டா இப்பவே கட்டணும்னுதான் வரும்." அவர் சொல்வது எடுபடுமா?

அடிவாரம்

போட்டுப் பார்ப்போம். எளிமைக்காகக் கணக்குப்பிள்ளை சாரின் 14 சதவீத முறையிலேயே. 24 என்றால் இப்போதே கட்டுவதன் என்பிவி 2.91 ஆகிறது. அப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் காத்திருப்பது 3.51-லிருந்து 5.26 ஆகிறது. வித்தியாசம் முன்பும் 2.35, இப்போதும் 2.35. அப்பா 30 கோடி என்றாலும் அதே 2.35 தான்.

காரணம் எளிது. நல்ல காலம் வந்தால் இருவருமே கட்டியிருப்பார்கள், காத்திருந்தவரும் அந்த 24-ஐ எடுக்கிறார். நல்ல பக்கம் இருவருக்கும் பொது. இருவரையும் பிரிப்பது கெட்ட பக்கம் மட்டுமே. அங்கே 8-க்குப் பதில் 11 வரும் என்று போடுங்கள்: வித்தியாசம் 2.35-லிருந்து 1.04-க்கு இறங்குகிறது. பிற்பாடு அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த பென் பெர்னான்கி 1983-இல் எழுதியது இதைத்தான். முதலீட்டைத் தள்ளிப்போடலாமா என்ற முடிவுக்கு வரப்போகும் நல்ல செய்தி எவ்வளவு நல்லது என்பது வேண்டியதில்லை, கெட்ட செய்தி எவ்வளவு கெட்டது என்பதுதான் வேண்டும்.

அதனால் அப்பாவோடு 20-ஆ 24-ஆ என்று வாதாடாதீர்கள். வரி இறங்காவிட்டால் அந்த யூனிட்டை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்த 8 எப்படி வந்தது?

பின்னலாடை_77

ஐரோப்பா ஆர்டர் கொஞ்சம், மீதி உள்ளூர் பிராண்டுகளுக்கு. அதோடு மெஷின்களை விற்றால் வருகிற பணமும் சேர்த்து என்றார் ஆடிட்டர். புது தையல் மெஷினை இரண்டு வருடத்தில் விற்றாலும் பாதி விலைக்குக் குறையாது என்று கணக்கு.

தறிக்காரர்

தம்பி, கரூரிலிருந்து எழுதுகிறேன். நமக்கு ஆப்ஷன் கணக்கெல்லாம் தெரியாது, மெஷின் விலை தெரியும். பாதி விலை என்பது நல்ல காலத்தில். வரி இறங்காமல் நீங்கள் மெஷினை விற்கப் போகும் அன்றைக்கு உங்கள் தெருவில் இன்னும் பத்துப் பேர் விற்க நிற்பார்கள். வாங்குகிறவன் யார்? அவனும் அதே தொழில்தானே. செகண்ட் ஹேண்ட் புரோக்கர் சொல்வதுதான் விலை. மாற்றிக் கட்டின குடோனில் போட்ட பணம் திரும்பவே திரும்பாது.

அடிவாரம்

தறிக்காரர் அண்ணா சொன்னதைப் புத்தகத்தில் நீளமாக எழுதுவார்கள். மெஷின் உங்கள் கம்பெனிக்கு மட்டும் வேண்டாததாகிப் போனால் பக்கத்துக் கம்பெனிக்கு விற்கலாம். தொழிலுக்கே வேண்டாததாகிப் போனால் விற்பனை விலையும் சேர்ந்து விழும். உங்கள் 8 கோடிக்குள் பாதி விலை என்ற நம்பிக்கை இருக்கிறது என்றால், உண்மையான எண் 8-க்குக் கீழேதான். அப்படியானால் அப்பாவின் 1.16-உம் அந்த அளவுக்குக் குறையும்.

தறிக்காரர்

ஆனால் ஒன்றை நீங்கள் யாருமே கேட்கவில்லை. பையர் காத்திருப்பாரா? வரி இறங்கிய மறுநாள் அவர் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைக்கு யாரிடம் லைன் ரெடியாக இருக்கிறதோ அவருக்குத்தான் ஆர்டர். நீங்கள் அன்றைக்கு குடோனை இடிக்க ஆரம்பித்தால் இந்த சீசன் போச்சு, அடுத்த சீசனுக்கு அவர் வேறு ஆளுக்குப் பழகிவிட்டிருப்பார். உங்கள் 20 கோடி 20-ஆகவே அங்கே உட்கார்ந்திருக்கும் என்று எந்த பையரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

இது பாயின்ட். காத்திருக்கும் உரிமை என்கிறீர்கள், அது உங்கள் ஒருவருக்கு மட்டும் இருக்கும் உரிமையா? எண்ணெய் குத்தகை என்றால் அந்தப் பிளாக்கில் வேறு யாரும் தோண்ட முடியாது, காலம் முடியும் வரை அவருடையது. திருப்பூரில் அப்படி யார் விட்டுவைப்பார்கள்?

அடிவாரம்

உண்மையில் இந்தத் திட்டத்தின் முடிவு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, வாலட்டிலிட்டியில் இல்லை. காத்திருந்துவிட்டுக் கட்டினால் பையரின் வேலையில் ஒரு பகுதி கைநழுவி, 20-க்குப் பதில் 15 கோடி மதிப்புதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது காத்திருப்பவருக்குப் பலன் 3 அல்லது பூஜ்யம். அதே முறையில் யூனிட்டில் கால் பங்கு 3.29, அதற்கான கடன் 2.10, மதிப்பு 1.19 கோடி. இப்போதே கட்டினால் 1.16. கிட்டத்தட்ட சமம். 14 கோடிதான் மிஞ்சும் என்றால் காத்திருப்பு 79 லட்சமாகிவிடும், அப்பா ஜெயித்துவிடுவார்.

எனவே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தாமதமாக வந்தால் 20 எவ்வளவாகக் குறையும்? 15-க்கு மேலே நின்றால் பொறுக்கலாம், கீழே போனால் கட்டலாம். இந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் கணக்குப்பிள்ளை சாரின் 14 சதவீதம் ஆளைக் கவிழ்க்கும். 14.8 கோடி மிஞ்சும் என்றால் அவர் முறையில் காத்திருப்பு 1.23, "பொறு" என்று வரும். கடனை வைத்துப் போட்டால் 1.11, "கட்டு" என்று வரும்.

கணக்குப்பிள்ளை

12 லட்ச வித்தியாசத்துக்கா இத்தனை பேச்சு? 20-ஐயும் 8-ஐயும் விரலை வைத்து எழுதியிருக்கிறார் ஆடிட்டர். அதில் வரும் பிழை கோடிக்கணக்கில் இருக்கும்.

அடிவாரம்

அதை நான் மறுக்கவில்லை சார். நீங்களும் நானும் எந்த முறையில் போட்டாலும் எல்லைக்கோடு 14.6-க்கும் 15-க்கும் நடுவில்தான் விழுகிறது என்பதே அவருக்குப் போதும். பையரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பின்னலாடை_77

பையரிடம் நேரடியாகக் கேட்டால் "ரெடியாக இருங்கள்" என்றுதான் சொல்வார். அவருக்கு என்ன செலவு? எந்த பையரும் பொறுமையாக இருங்கள் என்று சொல்லமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா?

தறிக்காரர்

ஜாப் ஒர்க். வரி இறங்கினால் முதல் சீசனை வெளி யூனிட்டில் தைத்துக் கொடுங்கள். லாபம் இருக்காது, கையைக் கடிக்கக்கூட செய்யும். ஆனால் பையர் கையில் இருப்பார், அதற்குள் உங்கள் லைன் ரெடியாகிவிடும். குடோனுக்கு பிளான் அப்ரூவல், ஈபி லோடு அப்ளிகேஷன் இதையெல்லாம் இப்போதே கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் மாதக் கணக்கில் இழுக்கும், மெஷின் காசு கொடுத்தால் வந்துவிடும்.

அடிவாரம்

கணக்கிலும் அது நிற்கும். 20 முழுதாக மிஞ்சினால் காத்திருப்பு 3.16, இப்போதே கட்டுவது 1.16. நடுவில் 2 கோடி இருக்கிறது. பையரைக் கையில் வைத்துக்கொள்ள இன்றைய மதிப்பில் 60 லட்சம் செலவானாலும், அது 20-ஐ 20-ஆகவே காப்பாற்றினால், 2.56 நிற்கிறது. ஜாப் ஒர்க் நட்டம் வரி இறங்கினால் மட்டும்தான் வரும் என்பதால் சுமை இன்னும் குறைவு. அப்ரூவலுக்கும் லோடுக்கும் ஆகும் செலவு எப்படியும் போகும், அது தனி.

எக்செல்_ராசா

சித்தப்பா அடுத்த வருடமும் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றால்? எங்கள் கம்பெனியில் ஒரு பாய்லர் நான்கு வருடமாக "ஆப்ஷனில்" இருக்கிறது.

அடிவாரம்

அப்போது என்ன செய்தி வந்தால் கட்டுவீர்கள், என்ன வந்தால் திட்டத்தைக் கைவிடுவீர்கள் என்று இன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் ஆரம்பிப்பது, எந்த மாதம் வரை பார்ப்பது. 3.16 என்ற எண் வரி இறங்கிய அன்றைக்கே 12 கோடியைப் போடுவீர்கள் என்று எடுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கும் தயங்கினால் அந்த மதிப்பு கிடையாது.

பின்னலாடை_77

வீட்டில் பேசினோம். அப்ரூவலுக்கும் ஈபிக்கும் இந்த வாரமே கொடுக்க அப்பாவும் ஒத்துக்கொண்டார், சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார். வரி எத்தனை சதவீதத்துக்கு வந்தால் ஆரம்பிப்பது என்பதில்தான் முட்டுகிறது. அப்பா 25 என்கிறார், சித்தப்பா 15. தறிக்காரர் அண்ணா, ஜாப் ஒர்க் விஷயத்தில் ஒரு சந்தேகம். எங்கள் பையர் ஆடிட் முடிந்த யூனிட்டில்தான் தைக்க விடுவார், வெளி யூனிட் என்றால் பெயரைப் போட்டு முன் அனுமதி வாங்க வேண்டும். இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தறிக்காரர்

ஏற்கெனவே அதே பையருக்கோ அதே மாதிரி பையருக்கோ தைக்கிற யூனிட்டைப் பிடியுங்கள், சர்டிபிகேட் கையில் இருக்கும். இப்போது ஆர்டர் இல்லாமல் லைன் காலியாக வைத்திருக்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், பேச்சுக்கு வருவார்கள். ஆனால் அவர்களிடம் இப்போதே வாய்வார்த்தையாகப் பேசி வைத்தால் வரி இறங்கிய அன்றைக்கு அவர்களே உங்கள் பையரிடம் நேராகப் போவார்கள். அட்வான்ஸ் கொடுத்து லைனைப் பிடித்து வையுங்கள் என்றால் அது இன்னொரு செலவு. அதை உங்கள் 60 லட்சத்துக்குள் அடக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.